கவரில் எழுதும் நாலு சொல்

ரீல்ஸ் பார்க்கிறவர் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது கவர் அவர் கண்ணில் படுவதில்லை. வீடியோ திரைக்கு வந்ததும் தானாக ஓடத் தொடங்கிவிடும். கவர் தென்படுவது வேறு இடங்களில். ஒருவர் நம் பக்கத்துக்குள் வந்து அடுக்கடுக்காக நிற்கும் கட்டங்களைப் பார்க்கும்போது தெரியும். தேடலில் தெரியும். எப்போதோ சேமித்து வைத்ததைத் திறந்து தேடும்போது தெரியும். இந்த மூன்று இடத்துக்கும் வருகிறவர் பொழுதுபோகாமல் வருகிறவர் அல்ல, ஏதோ ஒன்று வேண்டும் என்று வருகிறவர். கவரில் என்ன எழுதுவது என்று கேட்கிற புதுப் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தேடி வந்திருக்கிறவரைத் தூண்டில் போட்டு இழுக்க வேண்டியதில்லை. அவர் தேடுவது இங்கே இருக்கிறதா, இல்லையா என்று சொன்னால் போதும்.

கோவையில் சின்னக் கடைகளுக்கு வீடியோ எடிட்டிங் செய்வது என் தொழில். 2020 ஜூனில் டிக்டாக் தடையானது. ஜூலையில் இந்தியாவுக்கு ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூட்யூப் ஷார்ட்ஸ் வந்தது. அதற்குப் பிறகுதான் பாத்திரக் கடை, கிரைண்டர் கம்பெனி, டெய்லர் என்று பலரும் செங்குத்தாக எடுத்த சின்ன வீடியோக்களோடு வர ஆரம்பித்தார்கள். வெட்டுவது, இசை சேர்ப்பது, வண்ணம் சரிசெய்வது எல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். என்னை அதிக நேரம் உட்கார வைப்பது கவரில் வரும் நாலைந்து சொற்கள்தான். அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்ல, வீட்டுச் சாமான் ரிப்பேர் கடை ஒன்றுக்குச் செய்த மிக்ஸி வீடியோவை எடுத்துக்கொள்கிறேன்.

வீடியோவில் நடப்பது எளிமையானது. இட்லி மாவோ தேங்காயோ அரைத்துக்கொண்டிருக்கும்போது மிக்ஸி சட்டென்று நின்றுவிடுகிறது. மறுபடி சுவிட்சைத் திருப்பினால் ஓசையே இல்லை. கடையின் மெக்கானிக், ஐம்பது வயது தாண்டியவர், பிளக்கைப் பிடுங்குகிறார். ஜாரை எடுத்து வைத்துவிட்டு மிக்ஸியைக் கவிழ்க்கிறார். அடியில் சின்னதாக ஒரு சிவப்பு பட்டன். ஓவர்லோடு பட்டன் என்பார்கள். மோட்டாருக்குத் தாங்க முடியாத பாரம் வந்து மின்சாரம் அதிகமாக இழுத்தால், அது வெளியே துள்ளி இணைப்பை அறுத்துவிடும். மோட்டார் காயில் கருகாமல் காப்பாற்றுகிற பூட்டு அது. சூடு ஆறும்வரை காத்திருந்து, பட்டனை உள்ளே அழுத்தி, ஜாரில் இருப்பதில் பாதியை எடுத்துவிட்டு ஓட்டினால் மிக்ஸி ஓடும். இவ்வளவுதான் வீடியோ.

கடை முதலாளி தலைப்பையும் எழுதியே அனுப்பியிருந்தார்: ‘மெக்கானிக் உங்களிடம் சொல்லாத ரகசியம்!’ அதைப் படித்ததும் மெக்கானிக் அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது.

“ஏனுங் தம்பி, கடைக்கு வர்றவங்க எல்லார்த்துகிட்டயும் நான் இதைச் சொல்லிட்டேதான இருக்கேன்? மிக்ஸி கூட வர்ற புக்குலயே போட்டிருக்கானுங்க. இதுல என்ன ரகசியம்?”

அவர் கேட்டது நியாயம். அந்தத் தலைப்பில் இரண்டு குற்றம் இருந்தது. ஒன்று, அது எதைப் பற்றியது என்றே தெரியாது. மிக்ஸியா, பைக்கா, ஏசியா? இரண்டாவது, உள்ளே இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்கிறது, ரகசியம் என்று. ஃபேஸ்புக் 2016இல் கிளிக்பெய்ட்டை வரையறுத்தபோதும் இந்த இரண்டைத்தான் சொன்னது: புரிந்துகொள்ளத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பது, இருப்பதை மிகைப்படுத்திச் சொல்வது. அடுத்த ஆண்டு இரண்டையும் தனித்தனியாக அடையாளம் காணத் தொடங்கியது. இப்படிப் பிரித்துப் பார்ப்பது எனக்கு நிறைய உதவியிருக்கிறது. மறைக்கும் தலைப்புக்கு ஒரு சொல்லைச் சேர்த்தால் சரியாகிவிடும். மிகையான தலைப்பில் சேர்ப்பதால் பயனில்லை, எடுக்கத்தான் வேண்டும். எந்த நோய் என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

முதலாளியும் தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னார். “எல்லாத்தையும் வெளிய சொல்லிட்டா உள்ள எதுக்குங்க வருவாங்க?” அவருக்காகவே எதிர்முனையில் ஒரு தலைப்பு எழுதிக் காட்டினேன்: ‘மிக்ஸி நின்றால் அடியில் உள்ள சிவப்பு பட்டனை அழுத்துங்கள்’. முழு உண்மை. ஆனால் இதைப் படித்தவருக்கு வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். அது நேர்மைக்கு நல்ல உதாரணமும் இல்லை. ஏனென்றால் வீடியோவில் அதற்கு மேலும் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்குவது, ஆறவிடுவது, பாரத்தைக் குறைப்பது, அழுத்திய பிறகும் பட்டன் திரும்பத் திரும்பத் துள்ளினால் நிறுத்திவிட்டுக் கடைக்கு எடுத்துவருவது. தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போய்ப் பட்டனைத் திரும்பத் திரும்பக் குத்துகிறவர் மோட்டாரையே எரித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகக் காட்டிக்கொள்ளும் தலைப்பும் ஆளைத் தவறான இடத்தில் நிறுத்தும்.

அதனால் நான் வகுத்துக்கொண்ட வழி இது. பிரச்சினையை முழுதாகச் சொல்ல வேண்டும். கிடைக்கப்போகும் முடிவையும் சொல்ல வேண்டும். இடையில் இருக்கிற வழியை மட்டும் வீடியோவுக்கு விட்டுவைக்கலாம். ஆர்வம் என்பது தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே உள்ள இடைவெளியில் பிறக்கிறது என்று ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994இல் எழுதினார். கிளிக்பெய்ட் எழுதுகிறவர்களும் இதைத்தான் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் இடைவெளி உண்டாக வேண்டுமானால் இரண்டு கரையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ‘ரகசியம்’ என்று மட்டும் எழுதினால் ஒரு கரையும் தெரியாது.

இந்த வழியில் அடுத்து எழுதியது: ‘மிக்ஸி ஓடவில்லையா? வீட்டிலேயே சரிசெய்யலாம்’. முதலாளிக்குப் பிடித்திருந்தது. எனக்கும் முதலில் போதும் போலத்தான் இருந்தது. ஆனால் எந்தத் தலைப்பையும் வீடியோ பார்க்காத ஒருவரிடம் காட்டாமல் விடுவதில்லை என்பது என் வழக்கம். பிடித்திருக்கிறதா என்று கேட்க மாட்டேன். கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கவரை மட்டும் போனில் காட்டி, “இதைத் தொட்டா உள்ள என்ன வரும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்பேன்.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்ததும் சொன்னார்: “எங்க மிக்ஸிக்குத்தான் இது. மோட்டார் சுத்துது, சத்தமும் வருது, பிளேடு மட்டும் சுத்தமாட்டேங்குது. அதை வீட்டிலயே சரி பண்ணிக்கலாமா?”

அவருடைய மிக்ஸியில் போயிருந்தது கப்ளர். மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல்லுள்ள சின்ன உறுப்பு, தேய்ந்தால் மோட்டார் மட்டும் சுற்றும். எங்கள் வீடியோவில் அதற்குப் பதிலே இல்லை. ‘ஓடவில்லை’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை கோளாறு அடங்கும் என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணாமல் ஓசையை வைத்துப் பிரித்தார். சத்தம் வந்து பிளேடு சுற்றாவிட்டால் கப்ளர், அல்லது ஜாரின் அடிப்பகுதி. விட்டுவிட்டு ஓடிப் பொறி பறந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். கருகல் வாடை வந்து நின்றிருந்தால் காயில் போயிருக்கும், பட்டனைத் தொடவே கூடாது. அரைத்துக்கொண்டிருக்கும்போதே நின்று, பிறகு ஓசையே இல்லையென்றால் பட்டனைப் பார்க்கலாம். அதுவும் அந்தப் பட்டன் உள்ள மாடலாக இருந்தால்தான். சில பழைய மாடல்களில் அது இருக்காது.

என் வேலையில் நேர்மை என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. பொய் சொல்லாமல் இருப்பது சுலபம். எந்த நிலையில் இது பலிக்கும் என்பதைக் கவரிலேயே சொல்வதுதான் கடினம், ஏனென்றால் அதைச் சொன்னால் பார்க்க வருகிறவர்கள் குறைவார்கள். பலருக்கும் பொதுவாக இருந்த தலைப்பு சிலருக்கானதாக மாறுகிறது. முதலாளிகள் முதலில் மறுப்பது இதைத்தான். நான் அவர்களிடம் சொல்வது: அந்த அக்கா ஆசையோடு தொட்டு, நாலாவது விநாடியில் இது நமக்கில்லை என்று தெரிந்துகொண்டு போயிருப்பார். அடுத்த முறை உங்கள் கடைப் பெயரைப் பார்த்தால் தொட மாட்டார். அவருக்கு வேண்டிய கப்ளர் வீடியோவை நாளைக்கே நீங்கள் போட்டாலும் வரமாட்டார்.

நிபந்தனையைச் சேர்த்ததும் தலைப்பு நீண்டது: ‘அரைக்கும்போதே மிக்ஸி நின்று ஓசையே வரவில்லை என்றால் வீட்டிலேயே சரிசெய்யலாம்’. கவரில் இதை எழுத முடியாது. கவர் 1080க்கு 1920 பிக்சல் உள்ள நெட்டைப் படம். இன்ஸ்டாகிராம் பக்கத்துக் கட்டத்தில் அது முழுதாகத் தெரியாது. முன்பு சதுரமாக வெட்டிக்காட்டும். 2025 தொடக்கத்திலிருந்து மூன்றுக்கு நான்கு அளவில் காட்டுகிறது. அதாவது மேலே 240 பிக்சலும் கீழே 240 பிக்சலும் போய்விடும். எழுத்து நடுப்பகுதிக்குள் அடங்க வேண்டும். அதோடு ஒரு வரிசைக்கு மூன்று கட்டம் என்பதால் போனில் ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். கணினியில் பெரிதாகத் தெரிகிற எழுத்து அங்கே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். தமிழ் எழுத்துக்கு அகலம் அதிகம். புள்ளியும் கொம்பும் சுழியும் சிறிதானால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு வரி, வரிக்கு இரண்டு மூன்று சொல், அதற்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். நான் கவரைக் கணினியில் பார்த்து முடிவு செய்வதில்லை. போனுக்கு அனுப்பி, கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பேன். படிக்க முடியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குவதில்லை, சொல்லைக் குறைப்பேன்.

குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது நிபந்தனையாகத்தான் இருக்கும். அதற்கு இடம் கொடுக்காமல், வாக்குறுதியைக் குறைத்தோம். ‘வீட்டிலேயே சரிசெய்யலாம்’ என்பதை எடுத்துவிட்டோம். அந்தப் பாதியைச் சொல்லும் வேலையைப் படத்திடம் கொடுத்தோம். கவர்ப் படமாக முதலாளி தேர்ந்தெடுத்திருந்தது மெக்கானிக் அண்ணன் ஆச்சரியத்தோடு வாயைத் திறந்திருக்கும் ஒரு காட்சி. அவர் கொட்டாவி விட்டபோது எடுத்தது அது. அதற்குப் பதிலாக வீடியோவில் பலன் கிடைக்கும் இடத்துக்கே போய் ஒரு ஃபிரேமை எடுத்தேன்: கவிழ்த்து வைத்த மிக்ஸி, அடியில் சிவப்பு பட்டன், அதை நெருங்கும் விரல். மேலே இரண்டே வரி:

‘அரைக்கும்போதே
நின்ற மிக்ஸியா?’

மிக்ஸி கவிழ்ந்திருப்பதைப் பார்த்ததும், பதில் அடியில் இருக்கிறது என்று புரிந்துவிடும். பட்டனைக் காட்டிவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று முதலாளி மறுபடி கேட்டார். நின்ற மிக்ஸியை முன்னால் வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு அந்தப் பட்டன் தெரிவதால் ஆர்வம் குறையாது, அதிகமாகும். நம் மிக்ஸியிலும் இது இருக்கிறதா, எப்போது அழுத்துவது, ஷாக் அடிக்குமா என்று கேள்விகள் கூடும். அவற்றுக்கெல்லாம் உள்ளே பதில் இருக்கிறது. பட்டன் இல்லாத மாடல் வைத்திருப்பவர் கவரைப் பார்த்தே தெரிந்துகொண்டு நகர்ந்துவிடலாம். அவர் வராமல் போவதில் எனக்கு வருத்தமில்லை.

கவர்ப் படத்துக்கு நான் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். அது வீடியோவுக்குள்ளேயே வருகிற ஃபிரேமாக இருக்க வேண்டும். தனியாகப் போட்டோ எடுத்து ஒட்டலாம், இன்ஸ்டாகிராம் அதை அனுமதிக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் உள்ளே அந்தக் காட்சி எப்போது வரும் என்று காத்திருந்து, வராமலே வீடியோ முடிந்தால் பார்த்தவருக்கு ஏமாந்த உணர்வுதான் மிஞ்சும். தலைப்பில் ஒரு பொய்கூட இல்லாமலே ஏமாற்ற முடியும் என்பதற்கு இது ஒரு வகை.

நேரம் சொல்வது இன்னொரு வகை. இந்த வீடியோவுக்கு ‘30 விநாடியில் மிக்ஸி ரெடி’ என்று ஒரு யோசனை வந்தது. வீடியோவில் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. பிளக்கைப் பிடுங்குவதிலிருந்து மறுபடி ஓடுவது வரை அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நடுவில் மிக்ஸி ஆறுவதற்காகக் காத்திருந்த நேரத்தை வெட்டியவன் நான். என் கத்தரியால் உண்டான வேகத்தை மிக்ஸியின் வேகமாகக் காட்டுவதற்கு எனக்கு உரிமையில்லை. தலைப்பில் ஒரு நேரக் கணக்கு வந்தால், வெட்டப்படாத மூலக் காட்சியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதிப்பேன். பணக் கணக்கும் அப்படித்தான். ‘ஆயிரம் ரூபாய் மிச்சம்’ என்றால் எந்த ரிப்பேருக்கு ஆயிரம் ஆகும் என்பது வீடியோவில் தெரிய வேண்டும். பட்டனை அழுத்தித் தருவதற்கு மெக்கானிக் அண்ணன் காசே வாங்குவதில்லை. பிறகு எது மிச்சம்?

தலைப்பு முடிவான பிறகு வீடியோவையே மாற்றி வெட்ட வேண்டியிருந்தது. முதலில் இருந்த வடிவத்தில் கடைப் பெயர், வணக்கம், மிக்ஸி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை எல்லாம் கடந்து கடைசியில்தான் பட்டன் வரும். ‘அரைக்கும்போதே நின்ற மிக்ஸியா?’ என்று கேட்டு உள்ளே அழைத்தவரிடம் மிக்ஸி வாங்குவதைப் பற்றிப் பேசினால் கவர் சொன்னது பொய்யாகிவிடும். அதனால் முதல் காட்சியே மிக்ஸி நிற்பதாக வைத்தோம். ஃபீடில் கவரைப் பார்க்காமல் நேரே வருகிறவர்களுக்காக அந்த முதல் காட்சியின் மேலும் கவரில் உள்ள அதே சொற்களைப் போட்டோம். சில விநாடிகளில் மிக்ஸி கவிழ்ந்து பட்டன் வந்துவிடும். மிச்ச நேரம் முழுதும், ஏன் துள்ளியது, மறுபடி துள்ளினால் என்ன செய்வது என்பதற்கு. முன்பு அவசரமாகக் கடைசியில் சொல்லப்பட்ட எச்சரிக்கை இப்போது நிதானமாக வந்தது. மெக்கானிக் அண்ணனுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

வெளியிட்ட பிறகு, தலைப்பு சொன்னதும் வீடியோ கொடுத்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, பார்வை எண்ணிக்கை உதவாது. எத்தனை பேர் எந்த விநாடிவரை தங்கினார்கள் என்று காட்டும் கோட்டைத்தான் நான் பார்ப்பேன். தொடக்கத்திலேயே கோடு செங்குத்தாக விழுந்தால், கவரோ முதல் காட்சியோ வேறு ஆட்களை அழைத்திருக்கிறது என்று அர்த்தம். பலன் வருவதற்குச் சற்று முன்னால் விழுந்தால், சொன்னதைக் கொடுக்கத் தாமதித்திருக்கிறோம். பலன் வந்த பிறகு இறங்கினால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. வந்த வேலை முடிந்து போகிறார்கள். இதைப் பார்த்துப் பயந்து பலனைக் கடைசிக்குத் தள்ளச் சொல்கிறவர்கள் உண்டு, நான் செய்வதில்லை. யூட்யூபில் நீள வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை போட்டு ஒப்பிடும் வசதி உண்டு. அதுகூட எதை அதிகம் பேர் தொட்டார்கள் என்று பார்த்து முடிவு சொல்வதில்லை, எது அதிக பார்வை நேரத்தைக் கொண்டுவந்தது என்று பார்க்கிறது. தொட வைத்து உடனே துரத்திவிடும் படம் அந்தப் போட்டியில் ஜெயிப்பது கடினம்.

கமெண்ட்டுகளைக் கோட்டைவிடக் கவனமாகப் படிப்பேன். ‘என் மிக்ஸியில் பட்டனே இல்லையே’ என்று வந்தால் அது கவர் சரியாகச் சொல்லவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். இந்த வீடியோவுக்கு அப்படிச் சில வந்தன. ஆனால் எழுதியவர்களில் பலர் ஃபீடில் பார்த்தவர்கள், கவரைப் பார்க்காதவர்கள். அதனால் கவரை மாற்றவில்லை, ‘பட்டன் உள்ள மாடல்களுக்கு மட்டும்’ என்பதை விளக்கத்தின் முதல் வரியாக எழுதினோம். ரீல்ஸில் வெளியிட்ட பிறகும் கவரை மாற்றலாம். ஆனால் படத்தையும் சொல்லையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாமல் போகும்.

கடையின் பக்கத்தில் இப்போது பல வீடியோக்கள் இருக்கின்றன. ‘ரகசியம்’, ‘அதிர்ச்சி’, ‘இதை மட்டும் செய்யாதீர்கள்’ என்று எழுதும் பக்கங்களைத் திறந்து பார்த்தால் வரிசையாக எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி கத்திக்கொண்டிருக்கும், எதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. தனியாகப் பார்க்கும்போது வேலை செய்கிற தந்திரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மெக்கானிக் அண்ணனின் பக்கத்தில் ஒவ்வொரு கட்டமும் ஒரு கோளாறின் பெயரைச் சொல்கிறது. மாதக்கணக்குக்கு முன் சேமித்து வைத்த ஒருவர், மிக்ஸி நின்ற அன்று திறந்தால் எது தனக்கு வேண்டியது என்று அவருக்குத் தெரியும். இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள், “பட்டனை அழுத்திப் பார்த்தாச்சுங், மறுபடி துள்ளுது” என்று சொல்லிக்கொண்டே மிக்ஸியை மேசைமேல் வைக்கிறார்களாம். பாதி வேலை மிச்சம் என்கிறார் அண்ணன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்காக அடுத்து கப்ளர் வீடியோ எடுத்தோம். ‘மோட்டார் சுத்துது, பிளேடு சுத்தலையா?’ என்று அவர் சொன்ன சொல்லையே கவரில் போட்டேன். பார்க்கிறவர் வாயில் வருகிற சொல்லைவிடச் சரியான சொல்லை நான் மேசையில் உட்கார்ந்து எழுதியதில்லை. முதலாளி அதோடு ‘எல்லா மிக்ஸிக்கும்’ என்று சேர்க்கச் சொன்னார். கப்ளரின் அளவும் கழற்றும் முறையும் மாடலுக்கு மாடல் மாறும் என்று அண்ணன் சொன்னார். வீடியோவில் நாங்கள் கழற்றியது ஒரே மாடல். அந்த இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை. அந்த இடத்தில் கழற்றிய கப்ளரையும் புதுக் கப்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஃபிரேம் வந்தது. தேய்ந்த பல் எப்படி இருக்கும் என்று அதைப் பார்த்தாலே தெரியும்.